வீட்டு சோலார் பேச்சுக்கு என்ன கேள்வி கேக்கலாம்? பேட்டரி, கரண்ட் கட், கிரிட் பத்தி தெரிஞ்சவங்க வாங்க

செல்வி_குடியிருப்பு
எல்லாருக்கும் வணக்கம். எங்க குடியிருப்பு சங்கத்துல அடுத்த வாரம் சோலார் பத்தி ஒருத்தர் பேச வர்றாரு, மின்துறையில ரொம்ப வருஷம் இருந்தவர். கேள்விகள முன்னாடியே எழுதி அனுப்புங்கன்னு சொல்லிட்டாரு, அத தொகுக்குற வேலை என் தலையில விழுந்திருக்கு. இதுவரைக்கும் வந்த கேள்வி எல்லாம் ஒரே மாதிரி இருக்கு, "எத்தன வருஷத்துல போட்ட காசு திரும்ப வரும்", "பேட்டரி வாங்கலாமா வேணாமா", "கரண்ட் போனா சோலார் ஓடுமா". இத அப்படியே கேட்டா அவரும் பொத்தாம்பொதுவா ஒரு பதில் சொல்லிட்டு போயிருவாரு. உருப்படியா பதில் வர்ற மாதிரி எப்படி கேக்குறதுன்னு சொல்லுங்க. செலவு, பேட்டரி, கிரிட் மூணும் வரணும்.

கணக்குப்புலி
பேட்டரிக்கு கேள்வியே தேவையில்ல, கணக்கு போட்டாலே தெரிஞ்சிரும். இப்ப வர்ற எல்எஃப்பி வகை லித்தியம் பேட்டரி 6000 சைக்கிள், அதாவது 6000 தடவ நிரப்பி காலி பண்ணினாலும் தாங்கும்னு போட்டிருக்கான். 10 யூனிட் பேட்டரின்னா 60,000 யூனிட் அதுக்குள்ள போயிட்டு வரும். பேட்டரி விலைய 60,000-ஆல வகுத்துப் பாருங்க, ஒரு யூனிட்டுக்கு என்ன ஆகுதுன்னு. கரண்ட் பில் ரேட்ட விட ரொம்ப கம்மியா வரும். நான் இத பாத்துதான் வாங்கலாம்னு முடிவே பண்ணிருக்கேன்.

தாத்தா67
எங்க வீட்ல ஏற்கெனவே இன்வெர்ட்டரும் பேட்டரியும் இருக்கும்மா. மூணு வருஷத்துக்கு ஒரு தடவ பேட்டரி மாத்துறோம், தண்ணி ஊத்துறோம். இதுல சோலார் தகட்ட சேத்துட்டா போதும்தானே, புதுசா எதுக்கு வாங்கணும்? இதையும் கேள்வியா எழுதிக்கோ.

செல்வி_குடியிருப்பு
எழுதிக்கிட்டேன் ஐயா.

பழைய_சர்வீஸ்காரன்
இன்வெர்ட்டர் சர்வீஸ்ல பதினஞ்சு வருஷம் இருந்தேன், அதனால கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்கோங்க.

கணக்குப்புலி தம்பி, 6000 சைக்கிள்ங்கிறது தப்பில்ல. ஆனா அத முடிக்கணும்னா பேட்டரி தினமும் முழுசா நிரம்பி முழுசா காலியாகணும், அப்படி ஓடினாலும் பதினாறு வருஷத்துக்கு மேல ஆகும். வாரண்டி பெரும்பாலும் 10 வருஷம்தான். அதவிட பெரிய விஷயம், உங்க வீட்டுக்கு ராத்திரி எவ்வளவு தேவைங்கிறது. சூரியன் இறங்கினதுல இருந்து மறுநாள் காலைல வரைக்கும் நீங்க 6 யூனிட்தான் எரிக்கிறீங்கன்னா பேட்டரி 10 யூனிட்டா இருந்தாலும் 20 யூனிட்டா இருந்தாலும் அதுல இருந்து தினம் வெளிய வர்றது 6 தான். மழை, மேகம்னு நிரம்பாத நாளக் கழிச்சு வருஷத்துக்கு 330 நாள்னு வச்சுக்குவோம். 6 × 330 × 10 = 19,800. நீங்க சொன்ன 60,000-ல மூணுல ஒரு பங்கு. அப்ப யூனிட்டுக்கு ஆகுற செலவு நீங்க நினைச்சத விட மூணு மடங்கு.

செல்வி அம்மா, அதனால "பேட்டரி வாங்கலாமா"ன்னு கேக்காம, "ராத்திரி இத்தன யூனிட் எரிக்கிற வீட்டுக்கு வருஷத்துல எத்தன யூனிட் பேட்டரி வழியா போகும்"னு கேளுங்க. அந்த எண்ண சொல்லாம யாரு பேட்டரி பத்தி பேசினாலும் அது விளம்பரம்தான்.

கணக்குப்புலி
சார் ஒத்துக்கிறேன், ராத்திரி தேவைய நான் பாக்கல. சரி 19,800-ன்னே வச்சுக்குவோம், அப்பவும் 19,800 யூனிட் கரண்ட் பில்லுல மிச்சம்தானே, அது சும்மாவா?

பழைய_சர்வீஸ்காரன்
அங்கதான் ரெண்டாவது ஓட்டை இருக்கு. பேட்டரிக்குள்ள போற யூனிட் இலவசமா வருதுன்னு எல்லாரும் நினைக்கிறாங்க. பேட்டரி இல்லன்னா அதே யூனிட் கிரிட்டுக்கு போயிருக்கும், அதுக்கு உங்களுக்கு ஏதோ ஒரு ரேட்டு கிடைச்சிருக்கும். அந்த வருமானத்த விட்டுக்குடுத்துதான் சேமிக்கிறீங்க. போதாததுக்கு உள்ள போறதெல்லாம் திரும்பி வராது, சார்ஜ் டிஸ்சார்ஜ் ரெண்டுலயும் சேத்து நூத்துக்கு 12 யூனிட் சூடா போயிரும்னு வச்சுக்கலாம். ராத்திரி 6 யூனிட் வேணும்னா பகல்ல 6.8 உள்ள தள்ளணும்.

ஊருக்கு ஊரு ரேட்டு வேற, அதனால காசே இல்லாம கணக்கு சொல்றேன். நீங்க கிரிட்டுல இருந்து வாங்குற ஒரு யூனிட்டோட ரேட்ட 1-ன்னு வைங்க. பேட்டரி விலையயும் "எத்தன யூனிட் வாங்குற காசு"ன்னு மாத்திக்குங்க. உதாரணத்துக்கு 10,000 யூனிட் வாங்குற காசுன்னு வைப்போம்.

கிரிட்டுக்கு குடுக்குறதுக்கு ஒண்ணுமே கிடைக்காத இடம்னா தினம் 6 மிச்சம், வருஷத்துக்கு 1980, அஞ்சு வருஷத்துல பேட்டரி காசு வந்துரும்.

குடுக்குறதுக்கு பாதி ரேட்டு கிடைக்குதுன்னா 6.8 யூனிட்டுக்கு 3.4 வந்திருக்கும், அத விட்டுட்டீங்க. தினம் மிச்சம் 2.6 தான். வருஷத்துக்கு 858. பேட்டரி காசு வர பதினோரு வருஷத்துக்கு மேல, அதாவது வாரண்டி முடிஞ்ச பிறகு.

வாங்குற ரேட்டும் குடுக்குற ரேட்டும் ஒண்ணா இருக்குற இடத்துல? 6 மிச்சப்படுத்த 6.8 விட்டுக்குடுக்குறீங்க. தினமும் நஷ்டம். அங்க கிரிட்டே உங்க பேட்டரி மாதிரிதான், தனியா ஒண்ணு வாங்கி பில்லு குறையாது.

ஒரே பேட்டரி, ஒரே வீடு, பதில் மூணு. இத மேடையில வச்சு கேளுங்க: "நம்ம ரேட்டுல வாங்குறதுக்கும் விக்கிறதுக்கும் உள்ள வித்தியாசம் எவ்வளவு, பேட்டரி ஆயுசு முடியுறதுக்குள்ள அது மாறினா என்ன ஆகும்?"

மொட்டைமாடி_ராணி
இடையில வந்து என் கதைய சொல்றேன்னு கோச்சுக்காதீங்க, ஆனா கிரிட்னு வந்ததால கேக்கலாம்னு தோணுச்சு. எங்க வீட்ல 5 கிலோவாட் போட்டு எட்டு மாசம் ஆகுது. நல்லா வெயில் அடிக்கிற நாள்ல 11 மணியில இருந்து 2 மணிக்குள்ள இன்வெர்ட்டர் நின்னு நின்னு ஓடுது. திரையில `Grid Overvoltage`னு, அதாவது கிரிட்டுல வோல்டேஜ் ஜாஸ்தின்னு வரும், ரெண்டு மூணு நிமிஷம் கழிச்சு தானா திரும்ப வரும், திரும்ப நிக்கும். மேகமா இருந்தா ஒரு பிரச்னையும் இல்ல. ஞாயித்துக்கிழமை ரொம்ப மோசம். போட்டவங்க வந்து பாத்துட்டு இன்வெர்ட்டரையே மாத்திட்டாங்க, புதுசும் அதே மாதிரிதான். இப்ப கிரிட்டுதான் சரியில்லன்னு கைய விரிச்சிட்டாங்க. பேட்டரி போட்டா சரியாகும்னு வேற ஒருத்தர் சொல்றாரு. வெயில் வர்ற நேரத்துலயே நின்னா நான் எதுக்கு இத போட்டேன்னு அழுகையா வருது.

கணக்குப்புலி
பேட்டரி போட்டா கண்டிப்பா சரியாகும் அக்கா, எக்ஸ்ட்ரா கரண்ட் வெளிய போகாம உள்ள போயிருமே.

பழைய_சர்வீஸ்காரன்
அவசரப்படாதீங்க. ராணி அம்மா, உங்க கிட்ட நல்ல மல்டிமீட்டர் இருக்கா, இல்லன்னா தெரிஞ்ச எலக்ட்ரீஷியன் ஒருத்தர கூப்பிட்டுக்கோங்க, நீங்களே திறந்து கைய விடாதீங்க. நல்ல வெயில்ல மூணு அளவு எடுக்கணும். ஒண்ணு, இன்வெர்ட்டர ஆஃப் பண்ணிட்டு இன்வெர்ட்டர் பக்கத்துல வோல்டேஜ். ரெண்டு, ஆன் பண்ணி முழு வேகத்துல ஓடும்போது அதே இடத்துல. மூணு, ஓடுற அதே நேரத்துல கீழ மீட்டர் கிட்ட. அதோட இன்வெர்ட்டர்ல இருந்து மீட்டர் வரைக்கும் கேபிள் எத்தன மீட்டர், எவ்வளவு தடிமன்னு பாருங்க.

ஏன்னா தண்ணி மேட்டுல இருந்து பள்ளத்துக்குதான் ஓடும், கரண்டும் அப்படித்தான். உங்க இன்வெர்ட்டர் வெளிய தள்ளணும்னா தெருவுல இருக்குற வோல்டேஜ விட கொஞ்சம் ஒசத்தியா வச்சுதான் தள்ள முடியும். நடுவுல இருக்குற ஒயர் மெலிசா இருந்தா, நீளமா இருந்தா, இன்னும் ஒசத்தணும். அது எல்லைய தாண்டினா இன்வெர்ட்டர் நிக்கணும்னுதான் விதி, 230 வோல்ட் சப்ளைன்னா பல இடங்கள்ல 10 சதவீதம் மேல, அதாவது 253.

எதிர்க்கேள்வி
எனக்கு ஒரு சந்தேகம், இப்படி வீட்டுக்கு வீடு சோலார் மாட்டி தள்ளித்தானே கிரிட்டே கெட்டுப்போகுது? ஸ்பெயின்ல 2025 ஏப்ரல் 28 நாடே இருட்டாச்சே, போர்ச்சுகலும் சேந்து. சோலார் ஜாஸ்தியானதுதான் காரணம்னு எல்லாரும் சொன்னாங்க. பேச வர்றவர் கிட்ட இத நேருக்கு நேரா கேக்கணும்.

பழைய_சர்வீஸ்காரன்
கேளுங்க, நல்ல கேள்விதான். ஆனா "சோலார் ஜாஸ்தியானதால"ன்னு கேட்டா அவர் ஒரே வரியில மறுத்துட்டு போயிருவாரு. அங்க நடந்தத விசாரிச்சப்போ தெரிஞ்சது, வோல்டேஜ் கட்டுக்குள்ள நிக்காம ஏறிக்கிட்டே போச்சு, ஏற ஏற ஒவ்வொரு மின் நிலையமா தன்னக் காப்பாத்திக்க கழண்டுக்கிச்சு, ஒண்ணு கழண்டதும் வோல்டேஜ் இன்னும் ஏறிச்சு, அடுத்தது கழண்டுச்சு. ராணி அம்மா மாடியில தினம் நடக்குறதோட பெரிய அண்ணன் மாதிரி வச்சுக்கங்க. வோல்டேஜ இறக்கிப் பிடிக்கிற வேலைய யாரு செய்யணும், செய்ய சொல்லி இருந்தாங்களா, செஞ்சாங்களாங்கிறதுதான் அங்க முக்கிய விவாதமே.

இன்னொண்ணும் இருக்கு, நிறைய பேருக்கு தெரியாது. ஜெர்மனியில பழைய வீட்டு இன்வெர்ட்டர் எல்லாம் சாதாரணமா 50-ல நிக்க வேண்டிய ஃப்ரீக்வென்சி 50.2 ஹெர்ட்ஸ தாண்டினா உடனே ஆஃப் ஆகுற மாதிரி செட் பண்ணி வச்சிருந்தாங்க. நாலு வீட்ல இருந்தப்போ அது பாதுகாப்பு. லட்சக்கணக்குல ஆனதும் அதுவே ஆபத்தாயிருச்சு, எல்லாம் ஒரே நொடியில நின்னா அவ்வளவு மின்சாரமும் ஒண்ணா காணாம போயிரும். 2012-ல விதி போட்டு அத மாத்த ஆரம்பிச்சாங்க, ஃப்ரீக்வென்சி ஏற ஏற கொஞ்சம் கொஞ்சமா குறைக்கிற மாதிரி. பேனல்ல தப்பில்ல, உள்ள இருந்த செட்டிங்ல தப்பு. அதனால உங்க கேள்விய இப்படி மாத்துங்க: "எங்க வீட்டு இன்வெர்ட்டர் வோல்டேஜ் ஏறும்போது டக்குனு நிக்குமா, கொஞ்சமா குறைக்குமா, அந்த செட்டிங்க யாரு முடிவு பண்றா?"

எதிர்க்கேள்வி
ஒத்துக்கிறேன், ஆனா முழுசா இல்ல. கிரிட்ட பலப்படுத்துற செலவ சோலார் போடாதவங்க தலையிலயும்தானே கட்டுறாங்க? வாடகை வீட்ல இருக்குறவங்க மாடியில என்னத்த போடுவாங்க? அதையும் எழுதுங்க செல்வி.

செல்வி_குடியிருப்பு
எழுதிட்டேன். எனக்கே ரொம்ப நாளா இருக்குற கேள்வி அது.

மொட்டைமாடி_ராணி
இன்னிக்கு எலக்ட்ரீஷியன் வந்து பாத்தாரு. இன்வெர்ட்டர் ஆஃப்ல 244. ஓடும்போது 254 போயி நின்னுருச்சு, நிக்கிறதுக்கு முன்னாடி பாத்தது. அதே நேரத்துல கீழ மீட்டர் கிட்ட அவரு பையன் நின்னு பாத்தான், 247. கேபிள் 35 மீட்டர் இருக்கு, மாடியில இருந்து சுத்தி சுத்தி இறங்குது. 4 ஸ்கொயர் எம்எம் காப்பர்.

பழைய_சர்வீஸ்காரன்
அருமையா எடுத்திருக்கீங்க. இப்ப பாருங்க, 244-ல இருந்து 254, மொத்தம் 10 வோல்ட் ஏறுது. அதுல மீட்டருக்கு வெளிய, தெருப்பக்கம் ஏறுறது 3 தான். மீதி 7 வோல்ட் உங்க வீட்டு கேபிளுக்குள்ளயே ஏறுது! 35 மீட்டர்னா போக வர 70 மீட்டர். 4 ஸ்கொயர் காப்பர்ல அது 0.32 ஓம் வரும், 5 கிலோவாட்டுக்கு 20 ஆம்பியர் பக்கம் ஓடும், பெருக்கினா ஆறு ஆறரை வோல்ட். உங்க அளவோட கிட்டத்தட்ட ஒத்துப்போகுது. அதாவது கிரிட்டு மேல பழி போட்டவங்க தாங்க இழுத்த ஒயர பாக்கவே இல்ல. 10 ஸ்கொயர் கேபிளா மாத்தினா அந்த 7 வோல்ட் 3 வோல்ட்டுக்குள்ள வந்துரும், இன்வெர்ட்டர் 250 பக்கத்துல நிக்கும்.

சூடு ஏறினா, கனெக்‌ஷன் லூசா இருந்தா இதுவே கூடும், அதனால மாத்தும்போது டெர்மினல் எல்லாம் இறுக்கமா இருக்கான்னும் பாக்க சொல்லுங்க. ஞாயித்துக்கிழமை மோசமா இருக்குறதுக்கு காரணம் தெருவுல மத்த லோடு குறைவா இருக்கலாம், பக்கத்துல சோலார் நிறைய இருக்கலாம், அப்ப 244-ங்கிறதே 248 ஆயிரும். அந்த நாள்லயும் ஒரு தடவ அளந்துக்கோங்க. கேபிள் மாத்தின பிறகும் மீட்டர் பக்கமே ஒசந்து நின்னா அப்பதான் மின்துறை கிட்ட எழுதி குடுக்கணும், டிரான்ஸ்ஃபார்மர்ல டேப் மாத்தி வோல்டேஜ ஒரு படி இறக்க முடியும்.

பேட்டரி விஷயத்துக்கு வர்றேன். கணக்குப்புலி தம்பி சொன்னது பாதி சரி. ராத்திரி 6 யூனிட் எடுத்த பேட்டரி காலைல 8 மணிக்கு வெயில் வந்ததும் நிரம்ப ஆரம்பிக்கும், 5 கிலோவாட் பேனலுக்கு அது பெரிய விஷயமில்ல, பத்தரை பதினொண்ணுக்குள்ள நிரம்பிரும். அப்புறம் 12 மணிக்கு? முழு மின்சாரமும் பழையபடி வெளியதான் போகும், பழையபடி நிக்கும். பேட்டரிய காலைல சார்ஜ் பண்ணாம 11 மணிக்கு மேல சார்ஜ் பண்ற மாதிரி நேரம் வச்சாதான் அது இந்த பிரச்னைக்கு உதவும், கிரிட்டுக்கும் நல்லது. மத்தியானம் மேகம் வந்தா நிரம்பாம போயிரும்ங்கிற ரிஸ்க் இருக்கு. எங்கிட்ட கேட்டா, இந்த வீட்டுக்கு முதல்ல கேபிள்.

கணக்குப்புலி
பேட்டரி எப்ப நிரம்புதுன்னு நான் யோசிச்சதே இல்ல சார். அப்ப 10 யூனிட் வாங்காம 5 யூனிட் வாங்கினா? தினம் முழுசா காலியாகும், பாதி விலை, காசும் சீக்கிரம் வரும்ல.

பழைய_சர்வீஸ்காரன்
பில்லுக்காகன்னா அது நல்ல முடிவு, விலை சரியா பாதியா குறையாது, மாட்டுற கூலி, கூட வர்ற சாமான் எல்லாம் அதேதான். ஆனா கரண்ட் கட்டுக்கும் அதே பேட்டரிய நம்பினீங்கன்னா ரெண்டும் முட்டிக்கும். பில்லு மிச்சமாகணும்னா விடியும்போது பேட்டரி காலியா இருக்கணும். கட்டுக்கு வேணும்னா எப்பவும் மிச்சம் இருக்கணும். ராத்திரி 2 மணிக்கு கரண்ட் போகுது, பேட்டரி 11 மணிக்கே தீந்திருச்சுன்னா இருட்டுதான். செட்டிங்ல 30 சதவீதம் ஒதுக்கி வைன்னு வைக்கலாம், வச்சா 5-ல ஒன்றரை யூனிட் தினமும் சும்மா தூங்கும்.

தாத்தா67
என் கேள்விய விட்டுட்டீங்களே. அப்புறம் பகல்ல கரண்ட் போனா வெயில்தான் அடிக்குதே, சோலார் ஓடாதா? பக்கத்து வீட்ல போட்டவரு ஓடாதுன்னு சொல்றாரு, நம்பவே முடியல.

பழைய_சர்வீஸ்காரன்
மன்னிச்சுக்கோங்க ஐயா. பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது சரிதான். கிரிட்டோட சேத்து மாட்டுன சாதாரண சோலார் இன்வெர்ட்டர் கரண்ட் போனதும் ரெண்டு நொடிக்குள்ள நின்னே ஆகணும். இல்லன்னா கரண்ட் இல்லன்னு நம்பி கம்பத்துல ஏறுற லைன்மேன் உயிருக்கு ஆபத்து. பகல்ல கட் ஆகும்போதும் ஓடணும்னா வீட்ட கிரிட்டுல இருந்து பிரிச்சுட்டு தனியா நடத்துற வசதி இன்வெர்ட்டர்ல இருக்கணும், கூட பேட்டரியும் பெரும்பாலும் வேணும், ஏன்னா ஒரு மேகம் கடந்தா பேனல்ல இருந்து வர்றது அப்படியே விழுந்துரும், அத தாங்கிப் பிடிக்க ஒண்ணு வேணும்.

உங்க பழைய பேட்டரி கரண்ட் கட் ஆனா மட்டும் கொஞ்ச நேரம் உழைக்கிறதுக்கு பழகினது. தினமும் ஆழமா காலி பண்ணி நிரப்பினா மூணு வருஷம் வர்றது இன்னும் சீக்கிரமே போயிரும். லைட்டு ஃபேனுக்கு மட்டும்னா சின்ன பேனலும் சார்ஜ் கண்ட்ரோலரும் மாட்டலாம், அது தப்பில்ல. ஆனா அதுல இருந்து கிரிட்டுக்கு ஒண்ணும் குடுக்க முடியாது, பில்லும் பெருசா குறையாது.

தாத்தா67
தண்ணி மோட்டார் ஓடுமா?

பழைய_சர்வீஸ்காரன்
அதுதான் எல்லாரும் ஏமாறுற இடம் ஐயா. பேட்டரியில எவ்வளவு சேத்து வச்சிருக்குங்கிறது வேற, ஒரே நேரத்துல எவ்வளவு வெளிய தள்ள முடியும்ங்கிறது வேற. 10 யூனிட் இருந்தாலும் 3 கிலோவாட்தான் தள்ளும்னா, 1 ஹெச்பி மோட்டார் கிளம்புற அந்த ஒரு நொடியில அஞ்சாறு மடங்கு இழுக்கும், இன்வெர்ட்டர் ஓவர்லோடுன்னு நின்னுரும். "எவ்வளவு நேரம் வரும்"னு மட்டும் கேக்காதீங்க, "எத கிளப்பும்"னு கேளுங்க.

செல்வி_குடியிருப்பு
பேச வர்றவர் இப்ப மெசேஜ் பண்ணாரு, நாலு கேள்விக்குதான் நேரம் இருக்காம். ராத்திரி யூனிட் கணக்கோட வாங்குற விக்கிற ரேட்டு வித்தியாசத்த ஒண்ணா சேத்துட்டேன். இன்வெர்ட்டர் நிக்குமா குறைக்குமாங்கிறது ரெண்டாவது. "எத கிளப்பும்" மூணாவது. நாலாவதா வாடகை வீட்டு கேள்விய வைக்கிறேன், யாரும் இங்க பதில் சொல்லல, அதனாலயே. ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியா பேட்டரி வாங்காம டிரான்ஸ்ஃபார்மருக்கு ஒண்ணா பொதுவா வச்சா வாடகைக்காரங்களுக்கும் பங்கு வருமான்னு அதுலயே சேத்திருக்கேன்.

எதிர்க்கேள்வி
பொது பேட்டரின்னா யாரு சொந்தக்காரன், கட் ஆனா யாரு வீட்டுக்கு முதல்ல போகும்னும் கேளுங்க. அங்கதான் சண்டையே வரும்.

மொட்டைமாடி_ராணி
கேபிள் மாத்தியாச்சு! இன்னிக்கு 12.40-க்கு நல்ல வெயில்ல 249.6 காட்டுது, காலைல இருந்து ஒரு தடவ கூட நிக்கல. பழைய கேபிள கழட்டும்போது ஒரு டெர்மினல் கருத்துப்போய் இருந்துச்சு, ஃபோட்டோ எடுத்து வச்சிருக்கேன். ஞாயித்துக்கிழமை இன்னும் வரல, அன்னிக்கு மீட்டர் கிட்டயும் அளந்துட்டு வந்து போடுறேன்.